இந்த வீடு தமிழ்நாடா, ஆந்திராவா? திருத்தணி எல்லையில் ஆப் குழம்புவது ஏன்?

சென்னையில் இருந்து திருத்தணி வழியாகத் திருப்பதி போகும் தேசிய நெடுஞ்சாலை 716-ல் அடிக்கடி பயணிப்பவர்களுக்குத் தெரியும். திருத்தணி மலை பின்னால் போனதும் கடைப் பலகைகளில் தெலுங்கு எழுத்துகள் எட்டிப் பார்க்கும். அடுத்த பெரிய ஊர் நகரி. அது ஆந்திரா. இரண்டு ஊர்களுக்கும் நேர்க்கோட்டில் 20 கிலோமீட்டர்கூட கிடையாது.

சாலையில் போகிறவருக்கு எல்லை ஒரு வரவேற்புப் பலகை, அவ்வளவுதான். ஆனால் எல்லையோரக் கிராமத்தில் குடியிருப்பவருக்கு அது தினசரிப் பிரச்சினையாக மாறலாம். ஆர்டர் போடும்போது திருத்தணி வட்டம், தமிழ்நாடு என்று சரியாகத்தான் டைப் செய்திருப்பார். டெலிவரி ஊழியர் போன் செய்து, "அண்ணே, லொக்கேஷன் ஆந்திரானு காட்டுது, நம்ம ஏரியாவே இல்லையே" என்பார். 2020 ஊரடங்கு காலத்தைப் போல மாநிலம் தாண்ட அனுமதிச் சீட்டு கேட்கும் நிலை வந்தால், இதே தவறு ஒருவரை வீட்டுக்கு வெளியே நிறுத்திவிடும்.

முகவரியில் எழுத்துப்பிழை இல்லை. ஜி.பி.எஸ்ஸும் பழுதில்லை. பிறகு ஆப் எங்கே தவறுகிறது? முகவரி ஒரு புள்ளியாக மாறி, அந்தப் புள்ளி ஒரு எல்லைக்குள் பொருத்தப்படுவது வரை நடப்பதைப் படிப்படியாகப் பார்த்தால் விடை கிடைக்கும்.

இந்த எல்லை ஏன் இவ்வளவு நெளிகிறது?

முதலில் எல்லையின் வடிவத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். 1953-ல் ஆந்திர மாநிலம் பிரிந்தபோது சித்தூர் மாவட்டம் முழுவதும் அதனுடன் போனது. திருத்தணியும் அதில் அடக்கம். ம.பொ.சிவஞானம் முன்னின்று நடத்திய வடக்கு எல்லைப் போராட்டம் பாடப்புத்தகத்தில் படித்ததுதான். பிறகு எச்.வி.படாஸ்கர் நடுவராக நியமிக்கப்பட்டார். அவருடைய பரிந்துரையின் அடிப்படையில் 1959-ல் நாடாளுமன்றம் எல்லை மாற்றச் சட்டம் இயற்றியது. 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி மீண்டும் சென்னை மாநிலத்துக்கு வந்தது.

இதில் ஒரு விஷயம் இன்றைய மேப் பிரச்சினைக்கு நேரடியாகத் தொடர்புடையது. படாஸ்கர், வட்டத்தையோ மாவட்டத்தையோ அலகாக எடுக்கவில்லை. கிராமத்தை அலகாக எடுத்தார். ஒவ்வொரு கிராமத்திலும் எந்த மொழி பேசுவோர் அதிகம், அந்தக் கிராமம் எந்தப் பக்கத்தோடு தொட்டுக்கொண்டு இருக்கிறது என்று பார்த்துப் பிரித்தார். சட்டத்தின் அட்டவணையிலும் கிராமங்கள் பெயர் பெயராகத்தான் இருக்கின்றன.

ஆக, இங்கே மாநில எல்லை என்பது ஆற்றையோ மலை முகட்டையோ ஒட்டி நீளமாகப் போகும் கோடு அல்ல. ஒரு கிராமத்தின் கடைசி வயல் வரப்பு, அடுத்த கிராமத்தின் கடைசி வரப்பு என்று வரப்பு வரப்பாக ஒட்டிச் செய்த கோடு. அதனால் அது உள்ளே போகும், வெளியே வரும், திரும்பவும் வளையும்.

மேப்பைத் திறந்து பள்ளிப்பட்டையும் நகரியையும் பாருங்கள். இரண்டும் ஏறத்தாழ ஒரே அட்சரேகையில், 13.33 டிகிரி பக்கத்தில் இருக்கின்றன. மேற்கே இருக்கும் பள்ளிப்பட்டு தமிழ்நாடு. அதற்குக் கிழக்கே, கடற்கரைப் பக்கமாக இருக்கும் நகரி ஆந்திரா. 'மேற்கே போனால் ஆந்திரா, கிழக்கே வந்தால் தமிழ்நாடு' என்ற பொதுக்கணக்கு இங்கே செல்லாது.

முகவரி எப்படிப் புள்ளியாகிறது?

கணினிக்கு 'மாரியம்மன் கோயில் எதிரில்' என்றால் ஒன்றும் புரியாது. அதற்கு அட்சரேகை, தீர்க்கரேகை என்று இரண்டு எண்கள் வேண்டும். எழுத்தில் உள்ள முகவரியை இப்படி இரண்டு எண்களாக மாற்றும் வேலைக்கு ஜியோகோடிங் என்று பெயர்.

முதல் வேலை, முகவரியைத் துண்டு போடுவது. கதவு எண், தெரு, கிராமம், வட்டம், மாவட்டம், பின்கோடு என்று மென்பொருள் பிரிக்கும். இரண்டாவது, ஒவ்வொரு துண்டையும் தன்னிடம் உள்ள பட்டியலோடு ஒப்பிடும். கதவு எண் வரை பொருந்தினால் அந்த வீட்டின் மேலேயே புள்ளி விழும். பொருந்தாவிட்டால், ஒரு படி இறங்கித் தெருவைத் தேடும். தெருவும் கிடைக்காவிட்டால் கிராமம். கிராமப் பெயரின் ஆங்கில எழுத்துக்கூட்டல் ஒத்துவராவிட்டால் பின்கோடு.

நகரங்களில் வீடு வரை பொருந்துவது சகஜம். கிராமங்களில் பல நேரம் தெருவுக்கே பெயர் இருக்காது. அப்போது மென்பொருள் கிராமத்தின் நடுப்புள்ளியை எடுத்துக் கொடுத்துவிடும். உங்கள் வீடு ஊரின் வடக்குக் கோடியில் இருந்தாலும் சரி, தெற்குக் கோடியில் இருந்தாலும் சரி, விழுவது ஒரே புள்ளிதான்.

இங்கேதான் முதல் சிக்கல். வீட்டின் மேல் விழுந்த புள்ளியும் கிராமத்தின் நடுவில் விழுந்த புள்ளியும் திரையில் ஒரே சிவப்பு ஊசியாகத்தான் தெரியும். உள்ளே வித்தியாசம் பதிவாகி இருக்கும். உதாரணமாக, கூகுளின் ஜியோகோடிங் சேவை ஒவ்வொரு விடையோடும் `location_type` என்று ஒரு குறிப்பைச் சேர்த்து அனுப்புகிறது. `ROOFTOP` என்றால் அந்தக் குறிப்பிட்ட முகவரிக்கே துல்லியமான இடம். `RANGE_INTERPOLATED` என்றால் தெருவின் இரண்டு முனைகளுக்கு நடுவே கணக்குப் போட்டு வைத்தது. `GEOMETRIC_CENTER` என்றால் ஒரு தெருவின் அல்லது பகுதியின் நடுப்புள்ளி. `APPROXIMATE` என்றால் தோராயம். பல ஆப்கள் இரண்டு எண்களை மட்டும் எடுத்துச் சேமித்துவிட்டு, இந்தக் குறிப்பைத் தூக்கிப் போட்டுவிடுகின்றன. புள்ளி எவ்வளவு நம்பகமானது என்ற தகவல் அந்த இடத்திலேயே தொலைந்துவிடுகிறது.

பின்கோடு போட்டால் சரியாகிவிடாதா?

திருத்தணிக்கு 631209, நகரிக்கு 517590. இவ்வளவு தெளிவாக இருக்கும்போது குழப்பம் எதற்கு என்று தோன்றும். ஆனால் 1972-ல் வந்த பின்கோடு, கடிதம் பிரிப்பதற்காக உருவானது. எந்தத் தபால் நிலையத்தில் இருந்து தபால்காரர் கிளம்புகிறார் என்பதைத்தான் அது சொல்கிறது. நிர்வாக எல்லையைச் சொல்வது அதன் வேலை அல்ல.

631 என்ற தொடக்கத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். திருத்தணி திருவள்ளூர் மாவட்டம், 631001 உள்ள அரக்கோணம் ராணிப்பேட்டை மாவட்டம், 631501 உள்ள காஞ்சிபுரம் தனி மாவட்டம். மூன்றும் 631-தான். மாநிலத்தையாவது சொல்லிவிடுமா? புதுச்சேரி நகரம் 605001, விழுப்புரம் 605602. இரண்டும் 605-ல் தொடங்குகின்றன. ஒன்று யூனியன் பிரதேசம், மற்றது தமிழ்நாடு. ஏனாம் புதுச்சேரியைச் சேர்ந்தது, ஆனால் அதன் பின்கோடு 533464. அது ஆந்திரத் தொடர்.

பின்கோட்டை வைத்து மாநிலத்தை ஊகிக்கலாம், உறுதி செய்ய முடியாது. பின்கோடு போட்டதுமே மாநிலப் பெயரைத் தானாக நிரப்பிவிடும் ஆப்கள் எல்லையோரத்தில் தடுமாறுவதற்கு இதுவும் காரணம்.

புள்ளி எந்தப் பக்கம்? கணினி எண்ணும் விதம்

புள்ளி கிடைத்தாயிற்று. அடுத்து, அது எந்த மாநிலத்துக்குள் இருக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். ஜி.ஐ.எஸ் எனப்படும் புவியியல் தகவல் அமைப்பில் ஒரு மாநிலம் என்பது பலகோணம், அதாவது பாலிகன். ஆயிரக்கணக்கான முனைப்புள்ளிகளை வரிசையாக நேர்க்கோடுகளால் இணைத்து, கடைசியில் தொடங்கிய இடத்திலேயே மூடினால் ஒரு மாநிலம்.

ஒரு புள்ளி உள்ளே இருக்கிறதா என்று பார்க்கப் பரவலாகப் பயன்படும் முறை ரொம்ப எளிமையானது. புள்ளியில் இருந்து ஏதாவது ஒரு திசையில் நேராக ஒரு கோடு இழுக்க வேண்டும். அது பலகோணத்தின் விளிம்பை எத்தனை முறை வெட்டுகிறது என்று எண்ண வேண்டும். ஒற்றைப்படை என்றால் புள்ளி உள்ளே. இரட்டைப்படை என்றால் வெளியே.

பள்ளிப்பட்டில் நின்று நேர் கிழக்கே ஒரு கோடு இழுப்போம். அது தமிழ்நாட்டை விட்டு நகரிப் பக்கம் ஆந்திராவுக்குள் போகும்; இது முதல் வெட்டு. பிறகு ஊத்துக்கோட்டைப் பக்கம் மீண்டும் தமிழ்நாட்டுக்குள் நுழையும், இரண்டாவது வெட்டு. பொன்னேரியைத் தாண்டிக் கடலில் இறங்கும், மூன்றாவது வெட்டு. மூன்று, ஒற்றைப்படை. ஆகவே பள்ளிப்பட்டு தமிழ்நாட்டுக்குள் இருக்கிறது. நடுவில் எல்லை இன்னும் இரண்டு முறை நெளிந்திருந்தால் எண்ணிக்கை ஐந்தாகும். ஒற்றைப்படை என்பது மட்டும் மாறாது.

இப்போது நகரியில் இருந்து இதே கோடு. ஊத்துக்கோட்டைப் பக்கம் நுழைவது ஒன்று, கடலில் இறங்குவது இரண்டு. இரட்டைப்படை. நகரி தமிழ்நாட்டுக்கு வெளியே.

இந்தக் கணக்கில் குறை ஒன்றும் இல்லை. எல்லை எவ்வளவு நெளிந்தாலும் சரியாகவே எண்ணும். ஆனால் இதன் விடை 'உள்ளே' அல்லது 'வெளியே' என்ற இரண்டில் ஒன்றுதான். 'தெரியவில்லை' என்ற விடையே இதில் கிடையாது. எல்லையில் இருந்து 30 கிலோமீட்டர் உள்ளே இருக்கும் புள்ளிக்கும், 3 மீட்டர் உள்ளே இருக்கும் புள்ளிக்கும் அதே உறுதியோடு 'உள்ளே' என்று சொல்லும். கொடுத்த புள்ளியும் கொடுத்த கோடும் முழுக்கச் சரி என்று அது நம்பிக்கொள்கிறது. நிஜத்தில் இரண்டுமே சரியாக இருப்பதில்லை.

ஒரு வீட்டை வைத்துக் கணக்குப் போடுவோம்

எல்லையில் இருந்து தமிழ்நாட்டுப் பக்கம் ஒரு புள்ளி 60 மீட்டர் தள்ளி விழுந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த இடத்தில் எல்லை நேராகப் போகிறது. நாம் தேடும் வீடு உண்மையில் எந்தப் பக்கம்?

அந்தப் புள்ளி, திறந்த வெளியில் போனின் ஜி.பி.எஸ் எடுத்ததாக இருந்தால் அதன் பிழை சுமார் 5 மீட்டர். புள்ளியைச் சுற்றி 5 மீட்டர் ஆரத்தில் ஒரு வட்டம் போட்டால், எல்லை இன்னும் 55 மீட்டர் தள்ளி இருக்கிறது. சந்தேகமே வேண்டாம், வீடு தமிழ்நாடுதான்.

அதே புள்ளி, தெருவின் நடுப்புள்ளியாக இருந்து, வீடு அதைச் சுற்றி 150 மீட்டருக்குள் எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம் என்றால்? இப்போது 150 மீட்டர் ஆர வட்டம் போட வேண்டும். 60 மீட்டரில் எல்லை வந்துவிடுவதால் வட்டத்தின் ஒரு பகுதி ஆந்திராவுக்குள் போய்விடும். பரப்பைக் கணக்கிட்டால் அது வட்டத்தில் ஏறத்தாழ கால் பங்கு. வட்டத்துக்குள் எல்லா இடத்துக்கும் சம வாய்ப்பு என்று எடுத்துக்கொண்டால், நான்கில் ஒரு முறை ஆப்பின் விடை தவறும்.

அதே புள்ளி ஒரு கிராமத்தின் நடுப்புள்ளி, பிழை ஒரு கிலோமீட்டர் வரை இருக்கலாம் என்றால், எல்லையைத் தாண்டும் பங்கு நூற்றுக்கு 46. பூவா தலையா போட்டுப் பார்ப்பதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

மூன்று முறையும் புள்ளி ஒன்றுதான், எல்லை ஒன்றுதான், எல்லையில் இருந்து தூரமும் ஒன்றுதான். கணினி மூன்று முறையும் ஒரே பதிலைத்தான் சொல்லியிருக்கும். மாறியது புள்ளியின் பிழை மட்டும். ஆக, ஒரு முகவரி 'எல்லைக்கு அருகில்' இருக்கிறதா என்பதை மீட்டரில் மட்டும் சொல்ல முடியாது. எல்லைக்கான தூரம் புள்ளியின் பிழையைவிடக் குறைவாக இருந்தால், அது எல்லையோர முகவரி. 5 மீட்டர் பிழை உள்ள புள்ளிக்கு 60 மீட்டர் என்பது பாதுகாப்பான தூரம். கிராமத்தின் நடுப்புள்ளிக்கு 600 மீட்டர்கூடப் போதாது.

நல்ல புள்ளியையும் கெடுத்துவிட ஒரு சுலபமான வழி உண்டு. தசம இடங்களை வெட்டுவது. அட்சரேகையில் ஐந்து தசம இடங்கள் வைத்தால் ஒரு மீட்டர் அளவுக்குத் துல்லியம். நான்கு என்றால் 11 மீட்டர். மூன்று என்றால் 110 மீட்டர். 13.18 என்று இரண்டோடு நிறுத்திவிட்டால் ஒரு கிலோமீட்டருக்கு மேல். எக்செல் ஷீட்டில் பார்க்க அழகாக இருக்கட்டும் என்று யாரோ எண்களைச் சுருக்கிவிட்டால், ஜி.பி.எஸ் எடுத்த புள்ளியும் கிராமத்து நடுப்புள்ளி அளவுக்கு இறங்கிவிடும்.

கோடும் முழு உண்மை அல்ல

இதுவரை புள்ளியைத்தான் சந்தேகப்பட்டோம். எல்லைக்கோடு மட்டும் சரியாக இருக்கிறதா?

பல எல்லைக் கோப்புகள் அச்சிட்ட நிலப்படங்களைப் பார்த்து வரையப்பட்டவை. 1:50,000 அளவுள்ள நிலப்படத்தில் அரை மில்லிமீட்டர் தடிமனுள்ள கோடு, தரையில் 25 மீட்டர் அகலம். அந்தத் தடிமனுக்குள் உண்மையான வரப்பு எங்கே போகிறது என்று அந்தப் படத்துக்கே தெரியாது. போதாததற்கு, இந்தியாவின் பழைய நிலப்படங்கள் எவரெஸ்ட் 1830 என்ற பூமி மாதிரியின்படி வரையப்பட்டவை. ஜி.பி.எஸ் பயன்படுத்துவது டபிள்யூ.ஜி.எஸ் 84. ஒன்றை மற்றொன்றாக மாற்றாமல் அப்படியே வைத்தால், நம் பகுதியில் முழுக் கோடும் நூறு மீட்டருக்கு மேல் நகர்ந்துவிடும்.

அதைவிட அடிக்கடி நடக்கும் தவறு ஒன்று உண்டு. எல்லைக் கோப்பு பெரிதாக இருந்தால் போனில் மேப் மெதுவாகத் திறக்கும். அதனால் முனைப்புள்ளிகளைக் குறைத்து, சின்னச் சின்ன நெளிவுகளை நேராக்கிவிடுவார்கள். திரையில் பார்க்க இது போதும். ஆனால் முகவரி எந்த மாநிலம் என்று தேடுவதற்கும் அதே மெலிந்த கோப்பைப் பயன்படுத்தினால் வம்புதான். கிராமம் கிராமமாகப் பிரித்த எல்லையில் ஒரு சின்ன நெளிவு என்பது ஒரு முழு ஊராகவே இருக்கலாம். ஆந்திராவுக்குள் நாக்கு போல நீட்டிக்கொண்டிருக்கும் தமிழ்நாட்டு நிலம், கோட்டை நேராக்கும்போது வெட்டுப்பட்டு அந்தப் பக்கம் விழுந்துவிடும். அங்கே இருப்பவர் ஜி.பி.எஸ்ஸை எவ்வளவு துல்லியமாக எடுத்தாலும் விடை ஆந்திரா என்றுதான் வரும்.

இரண்டு மாநிலங்களின் எல்லையும் வேறு வேறு இடத்தில் இருந்து எடுத்த கோப்புகளாக இருந்தால், இரண்டு கோடுகளும் ஒட்டாது. சில இடங்களில் நடுவே மெல்லிய இடைவெளி வரும். சில இடங்களில் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். இடைவெளியில் விழுந்த வீட்டுக்கு மாநிலமே கிடையாது. மேலேறிய இடத்தில் விழுந்த வீட்டுக்கு இரண்டு மாநிலம். சரியாகக் கோட்டின் மேலேயே விழும் புள்ளிக்கும் இதே கதிதான். போஸ்ட்ஜிஸ் மென்பொருளில் `ST_Contains` என்று கேட்டால் விளிம்பில் உள்ள புள்ளியை இரண்டு மாநிலமும் ஏற்காது. `ST_Intersects` என்று கேட்டால் இரண்டுமே ஏற்கும்.

கோடு பழையதாகவும் இருக்கலாம். மாநில எல்லை இங்கே 1960-ல் இருந்து அப்படியே இருக்கிறது. மாவட்ட எல்லைகள் அப்படி இல்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்புக் காலத்துக் கோப்பை வைத்தால் அரக்கோணம் வேலூர் மாவட்டத்தில் விழும். 2019-ல் வேலூர் பிரிக்கப்பட்ட பிறகு அது ராணிப்பேட்டை. ஆந்திரப் பக்கமும் 2022 ஏப்ரல் 4 அன்று 13 மாவட்டங்கள் 26 ஆகின. சித்தூர் மாவட்டமும் அப்போது உடைந்தது. பழைய கோப்பு வைத்திருக்கும் ஆப், எல்லையில் இருந்து வெகுதூரம் தள்ளி இருக்கும் ஊர்களையும் தவறான மாவட்டத்தில் போடும்.

99 சதவீதம் சரி என்றால் என்ன அர்த்தம்?

ஒரு நிறுவனம் தன்னுடைய முகவரிப் பட்டியலைச் சோதித்து, '99 சதவீதம் சரியான மாநிலத்தில் பொருந்தியிருக்கிறது' என்று சொல்லலாம். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் திருவள்ளூரிலோ ஆவடியிலோ இருக்கும் வீட்டுக்கு மாநிலம் தவறுவதற்கு வழியே இல்லை. புள்ளி ஒரு கிலோமீட்டர் தள்ளி விழுந்தாலும் அது தமிழ்நாடுதான். மிச்சமிருக்கும் ஒரு சதவீதத் தவறு மாநிலம் முழுக்கப் பரவி இருக்காது. மொத்தமும் எல்லையோரத்தில் குவிந்திருக்கும். அதே சில கிராமங்கள், அதே சில குடும்பங்கள், ஒவ்வொரு முறையும் மாட்டிக்கொள்ளும்.

இப்படிக் குவிந்த தவறு என்ன செய்யும் என்பதற்கு அமெரிக்காவின் வெர்ஜீனியா மாநிலத்தில் ஓர் உதாரணம் உண்டு. 2017 நவம்பரில் நடந்த மாநிலச் சட்டமன்றத் தேர்தலில், பிரெடரிக்ஸ்பர்க் நகரை ஒட்டிய பகுதியில் எல்லையோர முகவரிகள் சில தவறான தொகுதியில் பதிவாகி இருந்தன. 147 வாக்காளர்களுக்குப் பக்கத்துத் தொகுதியின் வாக்குச்சீட்டு கொடுக்கப்பட்டது. 28-வது தொகுதியில் வெற்றி வித்தியாசம் வெறும் 73 ஓட்டு. தோற்ற தரப்பு நீதிமன்றம் போனது. மறுதேர்தல் உத்தரவு கிடைக்கவில்லை. மொத்த வாக்காளர்களில் 147 என்பது ஒரு பொருட்டே இல்லை. ஆனால் அந்த ஒரு தொகுதியின் முடிவைவிட அது பெரிய எண்.

அதனால் சராசரியைப் பார்க்கக் கூடாது. எல்லைக்கு அருகில் உள்ள முகவரிகளைத் தனியாக எடுத்து, அவற்றில் எத்தனை தவறு என்று பார்க்க வேண்டும்.

சரி, என்ன செய்யலாம்?

ஆப் உருவாக்கும் இடத்தில் வேலை செய்பவர்கள் செய்ய வேண்டியது மூன்றுதான்.

ஒன்று, புள்ளியோடு அதன் பிழையையும் சேமிக்க வேண்டும். `location_type` வந்தால் அதையும், ஜி.பி.எஸ் என்றால் போன் சொல்லும் துல்லிய அளவையும் தூக்கிப் போடக் கூடாது.

இரண்டு, 'உள்ளே, வெளியே' என்று மட்டும் கேட்காமல், எல்லை எத்தனை மீட்டர் தூரத்தில் இருக்கிறது என்றும் கேட்க வேண்டும். அந்தத் தூரம் புள்ளியின் பிழையும் கோட்டின் பிழையும் சேர்ந்த அளவைவிடக் குறைவாக இருந்தால், விடையைத் தானாக முடிவு செய்யாமல் 'சரிபார்க்கவும்' என்று ஒதுக்கி வைக்க வேண்டும். புள்ளியின் பிழை 150 மீட்டர், கோட்டின் பிழை 25 மீட்டர் என்றால், எல்லையில் இருந்து 175 மீட்டருக்குள் விழும் எல்லாமே இந்தக் கூடைக்கு. திரையில் காட்டும் மெலிந்த எல்லைக் கோப்பை இந்தக் கணக்குக்குப் பயன்படுத்தவே கூடாது.

மூன்று, அப்படி ஒதுக்கியவற்றை வேறொரு ஆதாரத்தோடு ஒப்பிட வேண்டும். நம்மிடம் அதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. எல்லை கிராமக் கணக்கில் பிரிக்கப்பட்டது என்பதால், கிராமம் எது என்று தெரிந்தாலே மாநிலம் தெரிந்துவிடும். மத்திய பஞ்சாயத்து ராஜ் அமைச்சகத்தின் உள்ளாட்சி விவரத் தொகுப்பு ஒவ்வொரு கிராமத்துக்கும் ஒரு தனி எண் கொடுத்திருக்கிறது. ஒரே பெயரில் இரண்டு பக்கமும் ஊர் இருந்தாலும் எண் ஒன்றாக இருக்காது. முகவரிப் படிவத்தில் கிராமத்தை டைப் செய்யச் சொல்லாமல், அந்தப் பட்டியலில் இருந்து தேர்வு செய்யச் சொன்னாலே பாதிக் குழப்பம் தீரும்.

குடியிருப்பவர் பக்கம் இருந்தும் செய்யக்கூடியது உண்டு. முகவரியை டைப் செய்து ஆப் போடும் ஊசியை அப்படியே ஏற்காமல், வீட்டு வாசலுக்கு வெளியே திறந்த இடத்தில் நின்று ஊசியை நகர்த்திச் சேமிக்கலாம். கிராமத்தின் நடுப்புள்ளி போய், 5 மீட்டர் பிழையுள்ள புள்ளி வந்துவிடும். அஞ்சல் துறை 2025-ல் அறிமுகப்படுத்திய டிஜிபின்னும் இதற்கு உதவும். அது நாட்டை ஏறத்தாழ 4 மீட்டர்க்கு 4 மீட்டர் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் 10 எழுத்து, எண் கொண்ட குறியீடு கொடுக்கிறது. ஆனால் ஒன்றை மறக்க வேண்டாம். டிஜிபின் துல்லியமாக்குவது புள்ளியைத்தான். ஆப் வைத்திருக்கும் எல்லைக்கோடு தவறாக இருந்தால், துல்லியமான புள்ளியும் துல்லியமாகத் தவறான மாநிலத்தில் விழும்.

ஆப்பில் தவறான மாநிலம் வந்து, அதை எதிர்த்துப் புகார் கொடுக்க வேண்டும் என்றால் மேப் ஸ்கிரீன்ஷாட் பெரிதாக உதவாது. அதுவும் யாரோ வரைந்த கோடுதானே. பட்டாவில் இருக்கும் கிராமப் பெயரும் புல எண்ணும்தான் பேசும். ஒரு நிலம் தமிழ்நாட்டு வருவாய்த் துறையின் பதிவேட்டில் இருந்தால் அது தமிழ்நாடு. `eservices.tn.gov.in` தளத்தில் மாவட்டம், வட்டம், கிராமம், புல எண் கொடுத்துப் பட்டாவைப் பார்த்துக்கொள்ளலாம். வாடகை வீடு என்றால் வீட்டு உரிமையாளரிடம் புல எண்ணைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.